எழுபத்தைந்தைக் கேட்கலாமா?

கோலா குபு பாருவில் எஸ்.பி.எம். முடித்தவர்களும் போலிடெக்னிக் மாணவர்களும் கூடியிருந்த வழிகாட்டிக் கூட்டம் ஒன்றில் அண்மையில் பேசினேன். மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் சம்பளப் பட்டியல்களோடு புழங்கியவன் என்பதால் அழைத்திருந்தார்கள். கேள்வி நேரத்தில் மின்னியல் டிப்ளோமா மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு சம்பள ஆய்வின் பக்கத்தைக் காட்டினார். பி25, பி50, பி75 என்று மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு தொகை. “ஐயா, நேர்முகத் தேர்வில் நான் பி75-ஐக் கேட்கலாமா? எனக்குத் தேர்வில் 75க்கு மேல்தான் மதிப்பெண்” என்றார். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த எண்ணைப் பார்க்கும் முக்கால்வாசிப் பேர், நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் உட்பட, மனத்துக்குள் அப்படித்தான் படிக்கிறார்கள். நூற்றுக்கு 75 என்றால் நல்ல மாணவன். 50 என்றால் தட்டுத்தடுமாறித் தேறியவன்.

நம் வட்டாரத்தில் இந்தக் கேள்வி புதியது என்பதையும் சொல்ல வேண்டும். உலு சிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டிகளுக்குச் சம்பளம் பேசும் வேலையே இருந்ததில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமான மாப்பாவும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்திடும் ஒப்பந்தம்தான் சம்பளம். பாலின் எடையும் ரப்பர் விலையும் சேர்ந்து மாதக் கூலியை ஏற்றின, இறக்கின. ஆனால் அடிப்படை விகிதம் பக்கத்து நிரையில் வெட்டுகிறவருக்கும் அதேதான். “சந்தையில் என் இடம் எது?” என்று ஒரு தனி ஆள் கேட்க வேண்டிய தேவை வரவில்லை. ஆகவே வீட்டில் இதைச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போனதில் வியப்பில்லை. இன்று விண்ணப்பப் பாரத்தில் “எதிர்பார்க்கும் சம்பளம்” என்ற கட்டம் முதல் வேலையிலேயே நம் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

படிவம் 5 கணிதத்தில் ஓகைவ் வளைவு வரைந்தவர்களுக்கு நூற்றுமானம் என்ற சொல் தெரிந்திருக்கும். மலாயில் பெர்சென்டில் என்று படித்திருப்பீர்கள். அதை ஒரு வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு வரை அனுபவமுள்ள மின்னியல் டெக்னீஷியன்கள் இருபது பேரைச் சம்பளப்படி, குறைவிலிருந்து கூடுதலாக, வரிசையில் நிறுத்துகிறோம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த வரிசை. எந்த ஆய்விலிருந்தும் எடுத்ததன்று. அவர்களுடைய மாத அடிப்படைச் சம்பளம் வெள்ளியில் இப்படி இருக்கிறது: 1,900, 1,950, 2,000, 2,050, 2,100, 2,150, 2,200, 2,200, 2,250, 2,300, 2,400, 2,450, 2,500, 2,500, 2,600, 2,800, 2,900, 3,100, 3,400, 4,600.

வரிசையின் சரிபாதியில், பத்தாமவருக்கும் பதினொன்றாமவருக்கும் நடுவில், ஒரு கோடு போடுங்கள். அங்கே 2,350 வெள்ளி. அதுதான் நடுவெண், பி50. ஐந்தாமவருக்கும் ஆறாமவருக்கும் நடுவில் போடும் கோடு 2,125, அது பி25. பதினைந்தாமவருக்கும் பதினாறாமவருக்கும் நடுவில் 2,700, அது பி75. ஆக, பி75 என்பதன் பொருள், இந்த வரிசையில் நான்கில் மூன்று பேர் இந்தத் தொகைக்குக் கீழே வாங்குகிறார்கள் என்பது மட்டுமே. அது யாருடைய திறமைக்கும் போட்ட மதிப்பெண் இல்லை. 50இல் நிற்பவர் தேறாதவரும் இல்லை. நடுவில் நிற்பவர், அவ்வளவுதான்.

கோடுகளுக்கு இடையில் உள்ள தூரத்தையும் பாருங்கள். 25இலிருந்து 50க்கு ஏற 225 வெள்ளி போதும். 50இலிருந்து 75க்கு ஏற 350 வெள்ளி வேண்டும். அதற்கு மேலே கடைசி ஐவருக்குள் மட்டும் 1,800 வெள்ளி இடைவெளி. சம்பள வரிசைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கீழே நெருக்கம், மேலே போகப் போக இடைவெளி. கீழே நெருக்கமாக இருப்பதற்கு ஒரு காரணம் சட்டம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தத் தரைக்குக் கீழே போக முடியாததால் கீழ்ப்பாதி அதன் மேல் அடுக்கி வைத்ததுபோல நிற்கிறது. மேலே கூரை கிடையாது.

இந்த இருபது பேரின் சராசரி என்ன? கூட்டி வகுத்தால் ஏறக்குறைய 2,518 வெள்ளி. அதைவிடக் குறைவாக வாங்குபவர்கள் இருபதில் பதினான்கு பேர். 4,600 வாங்கும் ஒரே ஆள் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். நாட்டுக் கணக்கிலும் இதே கதைதான். புள்ளிவிவரத் துறையின் சம்பள ஆய்வுப்படி 2023இல் மலேசியாவில் சராசரி மாதச் சம்பளம் 3,441 வெள்ளி. நடுவெண் 2,602 வெள்ளி. 839 வெள்ளி வித்தியாசம். “சராசரிச் சம்பளம் மூவாயிரத்து நானூறாம், என் பிள்ளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுதான் தருகிறார்கள்” என்று வருந்தும் பெற்றோர், தம் பிள்ளை நாட்டின் நடுக்கோட்டுக்கு மிக அருகில் நிற்பதை அறியாமல் வருந்துகிறார்கள்.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். 75-ஐக் கேட்கலாமா என்பதற்கு முன்னால் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த வரிசையில் யார் யார் நிற்கிறார்கள்?

நம் இருபது பேரில் முதல் எட்டுப் பேரும் வேலைக்கு வந்து ஓராண்டு ஆகாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் இரண்டு முதல் ஐந்தாண்டு அனுபவமுள்ளவர்கள். இப்போது அந்த எட்டுப் பேரை மட்டும் தனியே நிறுத்தினால் நடுவெண் 2,075. பி75 எவ்வளவு தெரியுமா? 2,175 வெள்ளி. புதியவர்களுக்குள் முதல் வரிசையில் இருப்பவர் வாங்கும் அந்தத் தொகை, இருபது பேர் வரிசையில் முப்பதாவது நூற்றுமானத்தில்தான் விழுகிறது. ஆக, நம் மாணவர் பெரிய வரிசையின் 2,700-ஐக் கேட்டால், அவர் கேட்பது தன் வயதுக்காரர்களில் சிறந்தவருக்குக் கிடைப்பதை அல்ல. ஐந்தாண்டு வேலை பார்த்தவர்களில் மேலானவருக்குக் கிடைப்பதை. முதலாளி மறுத்தால் அதில் வஞ்சகம் ஏதும் இல்லை. மறுபுறம், “புதியவன்தானே” என்று அஞ்சி 1,900 கேட்டால், தன் சொந்த வரிசையிலேயே கடைசியில் போய் நிற்கிறார். இரண்டு தவறும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வரிசை மாறிப்போனது.

இடமும் வரிசையை மாற்றும். கோலா குபு பாருவிலிருந்து கம்யூட்டர் ரயிலில் வடக்கே போனால் தஞ்சோங் மாலிம். அங்கே புரோட்டோன் ஆலை. தெற்கே போனால் செரண்டா, ரவாங்; அந்தப் பக்கம் பெரோடுவா. ஒரே பெற்றோரின் இரு பிள்ளைகள் ஒருவர் வடக்கேயும் ஒருவர் தெற்கேயும் வேலைக்குப் போகலாம். ஆனால் தஞ்சோங் மாலிம் பேராக், ரவாங் சிலாங்கூர். மாநில வாரியாக நடுவெண்ணைப் பார்த்தால் சிலாங்கூர் பேராக்கைவிட உயரத்தில் இருக்கும். அந்த உயரம் பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் அலுவலகங்களும் துறைமுகமும் தூக்கி வைத்த உயரம். உலு சிலாங்கூரின் தொழிற்சாலைகள் அதைத் தூக்கவில்லை. “சிலாங்கூர் நடுவெண் இவ்வளவு” என்று புக்கிட் பெருந்தோங்கில் போய்ச் சொன்னால், அங்குள்ள மேலாளர் மனத்துக்குள் பேராக் எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாநில எண்ணைவிட, ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அதே வேலைக்கு யார் என்ன தருகிறார்கள் என்பதே உங்களுக்குப் பயன்படும். ஒரு மூத்த மாணவரிடம் கேட்டால் கிடைக்கும் செய்தி அது.

பதவிப் பெயரும் ஏமாற்றும். நம் நாட்டில் எக்ஸிக்யூட்டிவ் என்ற சொல் ஒரு நிறுவனத்தில் கிளைப் பொறுப்பாளரைக் குறிக்கும். இன்னொன்றில் நேற்றுச் சேர்ந்த எழுத்தரைக் குறிக்கும். ஆய்வில் பதவியின் பெயரைப் பார்க்காமல், கீழே சிறிய எழுத்தில் உள்ள வேலை விவரத்தைப் படியுங்கள்.

அடுத்தது, எந்தச் சம்பளத்தை எண்ணினார்கள் என்பது. இதில் தொழிற்சாலைப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்ப்போம். நம் வரிசையில் ஐந்தாமவருக்கு அடிப்படைச் சம்பளம் 2,100 வெள்ளி. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஒரு நாள் கூலி காண மாதச் சம்பளத்தை 26ஆல் வகுக்க வேண்டும்: 80 வெள்ளி 77 காசு. எட்டு மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு 10 வெள்ளி 10 காசு. சாதாரண நாள் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு ஏறக்குறைய 15 வெள்ளி 14 காசு. அவர் நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று மாதம் 50 மணி நேரம் ஓவர்டைம் செய்கிறார். 757 வெள்ளி கூடுகிறது. சம்பளச் சீட்டில் மொத்தம் 2,857 வெள்ளி.

இப்போது அவர் எங்கே நிற்கிறார்? அடிப்படைச் சம்பளப்படி 25-ஐக்கூட எட்டாதவர். மொத்தத் தொகையை எடுத்துக்கொண்டு வரிசையில் பார்த்தால் 75-ஐத் தாண்டியவர். ஒரே மனிதர், ஒரே மாதம். அவர் தம்பியிடம் “நான் கிட்டத்தட்ட 2,900 வாங்குகிறேன்” என்பார். தம்பி அதை அடிப்படைச் சம்பளமாக எடுத்துக்கொண்டு நேர்முகத் தேர்வில் போய்க் கேட்பான். இது நடக்கிறது, நான் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

வித்தியாசம் பெருமை சிறுமையோடு முடிவதில்லை. இபிஎஃப் சந்தா ஓவர்டைம் பணத்துக்குக் கிடையாது. 2,100 அடிப்படைக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் ஏறக்குறைய 504 வெள்ளி கணக்கில் விழும். அவருடைய 2,857ம் அடிப்படைச் சம்பளமாக இருந்திருந்தால் ஏறக்குறைய 686 விழுந்திருக்கும். மாதம் 180 வெள்ளிக்கு மேல் ஓய்வுக்காலச் சேமிப்பில் குறைகிறது. ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றால் அவர் ஒரே மாதத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுவார். ஆகவே ஆய்வு எதுவாக இருந்தாலும் அதில் உள்ளது அடிப்படையா, அலவன்ஸ் சேர்ந்ததா, போனஸ் சேர்ந்ததா என்று பார்க்காமல் எந்த எண்ணையும் மனத்தில் பதியவிடாதீர்கள். ஷிப்ட் அலவன்ஸ் உள்ள வேலைகளில் இது இன்னும் முக்கியம்.

சரி, வரிசையும் பொருந்துகிறது, சம்பளமும் ஒரே வகைதான் என்று வைத்துக்கொள்வோம். 75க்கு மேலே நிற்பவர்கள் அங்கே எப்படிப் போனார்கள்? சிலர் ஒரே நிறுவனத்தில் ஊன்றி நின்றவர்கள். சிலர் தாராளமாகக் கொடுக்கும் நிறுவனத்தில் சேர்ந்தவர்கள். அவர்கள் செய்யும் வேலை மற்றவர்கள் செய்வதேதான். ஆனால் மின்னியல் வேலையில் தெளிவாகத் தெரியும் ஒரு படி உண்டு. அது எரிசக்தி ஆணையம் வழங்கும் சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழ். ஆலைகளின் மின் நிறுவல்கள் தகுதிச் சான்று பெற்றவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் நிறுவனம் இன்னொருவரை உடனே தேடியாக வேண்டும். இங்கே முதலாளி திறமையைப் பாராட்டிக் கூடுதலாகத் தருகிறார் என்று நினைக்க வேண்டாம்; அந்தக் காகிதம் இல்லாமல் ஆலையை நடத்த முடியாது என்பதால் தருகிறார். 75-ஐக் குறிவைக்க நினைப்பவர் தன் துறையில் அப்படிப்பட்ட காகிதம் எது, அதைத் தேர்வெழுதி வாங்க எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள் என்று இப்போதே பார்த்து வைப்பது நல்லது. கணக்கியல், கப்பல் சரக்கு, தொழிலிடப் பாதுகாப்பு என்று பல துறைகளிலும் இதற்கு இணையானவை உண்டு. எல்லாத் துறையிலும் இல்லை.

நிறுவனத்தின் பக்கத்திலிருந்தும் இந்த எண்களைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆய்வுகள் முதலில் அவர்களுக்காகத்தான் செய்யப்படுகின்றன. மெர்சர் போன்ற ஆலோசனை நிறுவனங்களும், மலேசிய முதலாளிகள் சம்மேளனமும் நிறுவனங்களிடமிருந்து சம்பளங்களைத் திரட்டித் தொகுத்துத் தருகின்றன. அதை வைத்து ஒரு நிறுவனம் “நாம் சந்தையின் நடுவெண்ணில் கொடுப்போம்” என்று ஒரு கொள்கை வகுக்கும். பெரும்பாலானவை 50இல்தான் நிற்கின்றன. சில மட்டும் 75 என்று அறிவித்துக்கொள்ளும். பிறகு அந்தப் பதவிக்கு ஒரு சம்பள வீச்சு போடுவார்கள். நடுப்புள்ளிக்கு 20 விழுக்காடு கீழே, 20 விழுக்காடு மேலே என்பது பரவலான வழக்கம். இதைவிட அகலமாகவும் போடுவதுண்டு. நம் வரிசையில் நடுப்புள்ளி 2,350 என்றால் வீச்சு 1,880இல் தொடங்கி 2,820இல் முடியும்.

புதிதாக வருபவரை வீச்சின் கீழ்ப்பகுதியில் வைப்பார்கள். நடுப்புள்ளியில் 85 முதல் 95 விழுக்காடு வரை. இங்கே அது 2,000இலிருந்து 2,230 வரை வரும். நம் எட்டுப் பேரின் பி75 ஆன 2,175 இந்த இடைவெளிக்குள் வசதியாக அடங்குவதைக் கவனியுங்கள். அந்தத் தொகையைக் கேட்டால் மனிதவள அதிகாரிக்குத் தன் மேலதிகாரியிடம் போய்த் தனி அனுமதி வாங்கும் வேலை இல்லை. 2,700 கேட்டால் உண்டு. அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்.

ஒருவேளை அதிர்ஷ்டவசமாக 2,700 கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வீச்சின் உச்சிக்கு 120 வெள்ளிதான் மிச்சம். வீச்சின் மேல்பகுதியில் இருப்பவர்களுக்கு ஆண்டு உயர்வு விழுக்காட்டைக் குறைத்துத் தருவது பல நிறுவனங்களின் நடைமுறை. கீழே தொடங்கிய நண்பர் ஆண்டுதோறும் ஏறிவர, நீங்கள் அதே இடத்தில் நிற்பீர்கள், பதவி உயர்வு வரும்வரை. இது கெடுதல் என்று சொல்ல மாட்டேன். முதல் மூன்று ஆண்டில் கையில் கூடுதலாக வந்த பணம் உண்மையான பணம்தான். ஆனால் அந்த வீச்சு எங்கே முடிகிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். “இந்தப் பதவியின் சம்பள வீச்சு என்ன, நான் அதில் எங்கே தொடங்குகிறேன்?” என்று நேர்முகத் தேர்வில் மரியாதையாகக் கேட்பதில் குற்றமில்லை. சொல்ல மாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்.

இங்கே ஒரு சின்ன விலகல். எல்லா நிறுவனமும் 75இல் கொடுக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு ஆய்வில் பழைய 75 புதிய 50 ஆகிவிடும். எல்லாரும் வரிசையில் நான்கில் மூன்று பேருக்கு முன்னால் நிற்க முடியாது. மேல்நாடுகளில் பெரிய நிறுவனத் தலைவர்களின் சம்பளம் ஆண்டுக்காண்டு வீங்கியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். எந்த இயக்குநர் குழுவும் தன் தலைவரை நடுத்தரத்துக்குக் கீழே என்று ஒப்புக்கொள்ளாதாம். டெக்னீஷியன்களுக்கு அந்த யோகம் இதுவரை அடிக்கவில்லை.

நூற்றுமானம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது: அந்தப் பணம் போதுமா என்பது. 2016ஆம் ஆண்டு நாட்டின் சம்பள நடுவெண் 1,703 வெள்ளி. அதே ஆண்டு நிலவரத்தை வைத்துப் பேங்க் நெகாரா ஒரு கணக்குப் போட்டு, கோலாலம்பூரில் தனி ஆள் ஒருவர் ஓரளவு கௌரவமாக வாழ 2,700 வெள்ளி வேண்டும் என்று 2018இல் வெளியிட்டது. ஒன்று நாட்டுக் கணக்கு, மற்றது தலைநகர்க் கணக்கு; நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. இருந்தாலும், நடுவில் நிற்பது வேறு, வயிறு நிறைவது வேறு என்பது அதில் தெரிகிறது. வரிசையில் இடம் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிறகும் வீட்டுக் கணக்கு தனியாகப் போட வேண்டியிருக்கிறது.

நம் வட்டாரப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு இப்படி வரும். ரவாங் பக்கம் 2,350 வெள்ளி வேலை ஒன்று, பெட்டாலிங் ஜெயாவில் 2,700 வெள்ளி வேலை ஒன்று. ஒன்று பி50, மற்றது பி75. இபிஎஃப் 11 விழுக்காடு போனால் முதலாவதில் ஏறக்குறைய 2,090, இரண்டாவதில் 2,400. கையில் வரும் வித்தியாசம் 310 வெள்ளி. வீட்டிலிருந்து மோட்டாரில் போனால் பெட்ரோலுக்கும் தேய்மானத்துக்கும் 200 என்று வையுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் அறை வாடகை 550, வெளிச்சாப்பாட்டால் கூடும் செலவு 300, போக்குவரத்து 100 என்று வையுங்கள். முதலாவதில் 1,890 மிஞ்சும், இரண்டாவதில் 1,450. வரிசையில் முன்னால் நிற்பவர் மாதக் கடைசியில் 440 வெள்ளி பின்னால் நிற்கிறார். செலவுத் தொகைகள் என் ஊகம். உங்கள் குடும்ப எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்காகப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. அங்கே இருக்கும் வரிசை நீளமானது. ஐந்தாண்டு கழித்து ஏறிப்போகப் படிகள் அதிகம். குடும்பத்தில் இன்று பணம் தேவைப்படுகிறதா, இல்லையா என்பதுதான் இதைத் தீர்மானிக்கும். அதை எந்த ஆய்வும் உங்களுக்குச் சொல்லாது.

ஆய்வுகளை நம்புவதற்கும் ஒரு அளவு உண்டு. முதலில் ஆண்டைப் பாருங்கள். 2019இல் நாட்டின் நடுவெண் 2,442 வெள்ளியாக இருந்தது. கோவிட் வந்த 2020இல் அது 2,062க்கு விழுந்தது. 2022இல்கூட 2,424தான், மூன்று ஆண்டு கழித்தும் பழைய இடத்தை முழுதாகப் பிடிக்கவில்லை. 2019 எண்ணை 2020இல் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசியவர் இல்லாத சந்தையில் பேரம் பேசினார். இன்று நிலைமை தலைகீழ். குறைந்தபட்சச் சம்பளம் 1,500இலிருந்து 1,700 ஆன பிறகு, அதற்கு முந்தைய ஆய்வின் பி25-ஐ எடுத்துக்கொண்டு போனால் உங்களையே குறைத்துக்கொள்வீர்கள்.

பிறகு எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று பாருங்கள். எட்டுப் பேர் வரிசையில் ஒருவர் வேலை மாறினாலே 75ஆவது கோடு நகர்ந்துவிடும். நடுவெண் அவ்வளவு எளிதில் அசையாது, ஓரங்கள்தாம் ஆடும். அதனால்தான் முறையாக ஆய்வு செய்பவர்கள் போதுமான நிறுவனங்கள் பதில் தராதபோது நடுவெண்ணை மட்டும் அச்சிட்டு 25, 75 கட்டங்களைக் காலியாக விடுகிறார்கள். காலிக் கட்டம் உள்ள ஆய்வை நான் கூடுதலாக நம்புவேன். வேலைத் தளங்களில் வரும் எண்கள் பெரும்பாலும் விளம்பரத்தில் போட்ட தொகைகள். கொடுக்கப்பட்ட சம்பளம் வேறாக இருக்கலாம். ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் வெளியிடும் கையேடுகள் அவர்கள் வழியாக வேலைக்குப் போனவர்களைக் காட்டும். அதில் கோலாலம்பூர்ப் பன்னாட்டு நிறுவனங்களின் பட்டதாரிகள் நிறைந்திருப்பார்கள். பத்தாங் காலி ஆலையின் டெக்னீஷியன் அந்தப் பக்கத்தில் இருக்க மாட்டார்.

இத்தனையும் கேட்ட பிறகு அந்த மின்னியல் மாணவர், “அப்படியென்றால் பாரத்தில் என்ன எழுத?” என்றார். நியாயமான கேள்வி. என் பரிந்துரை இது. புதியவர்களின் வரிசையில் நடுவெண்ணை உங்கள் இலக்காக வையுங்கள், இங்கே 2,075. தொழிற்பயிற்சியில் பி.எல்.சி. கட்டுப்பாட்டுப் பலகையைத் தனியாகக் கையாண்டிருக்கிறீர்கள், அதை ஒரு மேற்பார்வையாளர் எழுத்தில் உறுதிப்படுத்துவார் என்றால், அதே வரிசையின் 75-ஐ, 2,175-ஐ, எழுதுங்கள். கேள்வி வந்தால் காட்டக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். எந்தத் தொகைக்குக் கீழே போக மாட்டீர்கள் என்பதை வீட்டுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்; அதைப் பாரத்தில் எழுத வேண்டாம். தொகைக்குப் பக்கத்தில் “அடிப்படைச் சம்பளம்” என்ற சொல்லை மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் ஓவர்டைமும் ஷிப்ட் அலவன்ஸும் கூட்டி அதே தொகையைக் காட்டி, நீங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்பார்கள்.

பெரிய வரிசையின் 2,700-ஐ என்ன செய்வது என்றும் கேட்டார். சார்ஜ்மேன் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில் புதிய ஆய்வை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குள் அந்த எண் மாறியிருக்கும்.